கால்சியம் மாத்திரையை இரண்டு மடங்காக்கலாமா? (வயது 57, டி-ஸ்கோர் -2.2)

நித்திலா

எனக்கு வயது 57. மாதவிடாய் நின்றபோது 49. போன வாரம் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன். இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் டி-ஸ்கோர், இடுப்பை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் -2.2, கீழ் முதுகில் -1.1. அறிக்கையின் அடியில் ஆஸ்டியோபீனியா, அதாவது எலும்புப்புரைக்கு முந்தைய அடர்த்திக் குறைவு, என்று எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு 74 வயதில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் துணையில்லாமல் நடக்கவே இல்லை. இந்த எண்களைப் பார்த்ததிலிருந்து அந்த நினைவுதான் வருகிறது.

இரண்டு ஆண்டுகளாகக் கால்சியம் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாத்திரையில் 1250 மி.கி., நாளுக்கு இரண்டு. காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து அந்த இரண்டையும் வெறும் வயிற்றில் விழுங்கிவிடுவேன். அப்படியென்றால் நாளுக்கு 2500 மி.கி. போகிறது. ஆனாலும் எலும்பு குறைந்திருக்கிறது. வைட்டமின் டி பரிசோதனையில் 13 நானோகிராம் வந்தது. எடை 56 கிலோ. புகை, மது எதுவும் இல்லை.

மாத்திரையை நான்காக உயர்த்தலாமா? உணவில் என்ன மாற்ற வேண்டும்? மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பரிதி

நித்திலா அக்கா, உங்கள் பிரச்சினை கால்சியத்தில் இல்லை, வைட்டமின் டியில் இருக்கிறது. 13 மிகக் குறைவு. டி இல்லாமல் எவ்வளவு கால்சியம் விழுங்கினாலும் குடல் அதை உள்ளே விடாது. ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ஆண்டு முழுவதும் கவலை இல்லை. என் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம். தினமும் அரை மணி நேரம் ஜன்னல் ஓரமாக வெயிலில் உட்காருங்கள்.

இன்னொன்று, புரதத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். புரதம் கூடினால் இரத்தத்தில் அமிலம் கூடும். அதைச் சமன்செய்ய உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் சிறுநீரில் வெளியேற்றும். இறைச்சி, முட்டை நிறையச் சாப்பிட்டால் எலும்பு கரையும் என்று படித்திருக்கிறேன்.

செண்பகம்

எனக்கு 63 வயது. எனக்கும் இதே தொல்லைதான் அம்மா. படியில் இறங்கும்போது முழங்கால் வலி உயிர் போகிறது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு எலும்பு தேய்ந்துவிட்டது என்றார்கள். ஓராண்டு கால்சியம் சாப்பிட்டேன், வலி கொஞ்சமும் குறையவில்லை. அதனால் மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள். தொடைத் தசைக்கான பயிற்சி செய்த பிறகுதான் எனக்கு நிம்மதி கிடைத்தது.

வெண்மதி

எலும்பு நலச் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் உணவியல் நிபுணராக நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறேன். நித்திலா கேட்ட கேள்விக்கு என் பதில்: மாத்திரையை நான்காக்க வேண்டாம். இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கலாம் என்றுதான் உங்கள் கணக்கு சொல்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

மாத்திரை அட்டையில் இருக்கும் 1250 மி.கி. என்பது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் 40 சதவீதம்தான் கால்சியம். எனவே ஒரு மாத்திரையில் கிடைப்பது 500 மி.கி., இரண்டில் 1000. அந்த ஆயிரமும் உங்களுக்குள் போய்ச் சேருவதில்லை. கார்பனேட் கரைவதற்கு வயிற்று அமிலம் தேவை, அது உணவு உண்ணும்போதுதான் நன்றாகச் சுரக்கும். வெறும் வயிற்றில் போட்டால் அதில் பெரும்பகுதி கரையாமலே போகலாம். அதோடு, குடல் ஒரே நேரத்தில் 500 மி.கி. அளவுக்கு மேல் திறமையாக உறிஞ்சாது, மிஞ்சியது மலச்சிக்கலாகத்தான் முடியும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது தைராய்டு மாத்திரை. கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு உறிஞ்ச விடாமல் தடுக்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். இத்தனை நாளும் உங்கள் மருத்துவர், தைராய்டு மருந்து போதுமா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை அளவைப் பார்த்துத் தைராய்டு மருந்தைக் கூட்டியிருந்தால், கால்சியத்தைத் தள்ளி வைத்ததும் அந்த மருந்து முழுவதுமாக வேலை செய்யத் தொடங்கி அளவு மிஞ்சிவிடலாம். தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் அதுவே எலும்பைக் கரைக்கும். அதனால் நேரத்தை மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். மீண்டும் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

இனி உணவு. 51 வயதைக் கடந்த பெண்ணுக்கு நாளுக்கு 1200 மி.கி. கால்சியம் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. வேறு சில நாடுகள் இதைவிடக் குறைவாகச் சொல்கின்றன. இந்த 1200 என்பது உணவும் மாத்திரையும் சேர்ந்த மொத்தம். பலரும் இதை மாத்திரைக்கான அளவு என்று எடுத்துக்கொண்டு, பாலும் தயிரும் தரும் கால்சியத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு சாதாரண நாளில் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு என்று எழுதுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பரிதி, டி பற்றி நீங்கள் சொன்னதில் முதல் பாதி சரி. ஊசியும் ஜன்னலும் புரதமும் தவறு. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

செண்பகம் அம்மா, உங்களுக்கு இருப்பது மூட்டுக் குருத்தெலும்பின் தேய்மானம். அது வேறு நோய். நித்திலாவுக்கு எலும்பின் உள்ளே அடர்த்தி குறைகிறது, உடையும் வரை அதில் வலியே இருக்காது. ஆனால் தொடைத் தசைப் பயிற்சி இருவருக்கும் வேண்டியதுதான்.

நித்திலா

மாத்திரையின் எடையும் கால்சியத்தின் எடையும் வேறு என்று யாரும் சொன்னதில்லை. மிக்க நன்றி.

என் உணவு இப்படி: இரண்டு வேளை காபிக்கும் சேர்த்து 150 மி.லி. பால். மதியம் ஒரு கிண்ணம் தயிர், அதுவும் 150 கிராம் இருக்கும். ஒரு வேளை பருப்பு, ஒரு சிறு கிண்ணம். மற்றபடி மூன்று வேளையும் தானிய உணவும் காய்கறியும். சிறிது வேர்க்கடலை. முட்டை சாப்பிடுவேன், ஆனால் எப்போதாவதுதான். கால்சியத்துக்காகப் பசலைக்கீரை வாரம் நான்கு நாள் சமைக்கிறேன்.

வெண்மதி

பால் 150 மி.லி. என்றால் சுமார் 180 மி.கி. கால்சியம். தயிரிலும் கிட்டத்தட்ட அதே அளவு. தானியம், பருப்பு, காய்கறி எல்லாம் சேர்ந்து 200 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 560. பசலைக்கீரையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அதில் கால்சியம் நிறைய இருப்பது உண்மை, ஆனால் கூடவே இருக்கும் ஆக்சலேட் அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பாலில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் உடலில் சேரும். பசலையில் 5 சதவீதம்தான். மற்ற சத்துகளுக்காகச் சாப்பிடுங்கள், எலும்புக் கணக்கில் எழுத வேண்டாம்.

1200-க்கு இன்னும் 640 தேவை. இரவில் ஒரு தம்ளர் பால், 200 மி.லி., சேர்த்தால் 240 கிடைக்கும். மீதி 400. அதற்கு ஒரே ஒரு மாத்திரை போதும், அதையும் மதிய உணவோடு அல்லது இரவு உணவோடு எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் வயிற்றுப் புண் மாத்திரை தினமும் எடுப்பவராக இருந்தால் கார்பனேட்டுக்குப் பதில் கால்சியம் சிட்ரேட் கேளுங்கள். அதற்கு அமிலம் தேவையில்லை.

இப்போது புரதம். உங்கள் உணவில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். பாலில் 5 கிராம், தயிரில் 5, பருப்பில் 7, தானியங்களில் 15, கடலையிலும் காய்கறியிலும் 4. ஆக 36 கிராம். உங்கள் வயதில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பதை இன்று எலும்பு மருத்துவத்தில் பலரும் ஏற்கிறார்கள். 56 கிலோவுக்கு அது 56 முதல் 67 கிராம். நீங்கள் பாதியைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறீர்கள்.

எலும்பின் கன அளவில் ஏறத்தாழ பாதி புரதம். கொலாஜன் இழைகளாலான சட்டகத்தின் மேல்தான் கால்சியமும் பாஸ்பேட்டும் படிகின்றன. கட்டடத்தின் கம்பியும் சிமெண்டும் போல, சிமெண்டை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால் தூண் எழாது. புரதம் குறைந்தால் தசையும் மெலியும், தசை மெலிந்தவர் தடுமாறினால் சமாளித்து நிற்க முடியாமல் விழுவார். இடுப்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுவதால்தான் நேர்கின்றன.

அந்த இரவுப் பாலில் 6 கிராம் கிடைக்கும். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். இன்னொரு வேளை ஒரு கிண்ணம் பருப்பு அல்லது கொண்டைக்கடலை, 7 கிராம். மொத்தம் 61 ஆகிவிடும். முட்டை வேண்டாம் என்பவர்கள் பனீரோ சோயாவோ சேர்க்கலாம். ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்து சாப்பிடுங்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பரிதி

புரதம் கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுகிறது என்பது ஆய்வில் கண்ட விஷயம்தானே? அதை எப்படித் தவறு என்கிறீர்கள்?

வெண்மதி

சிறுநீரில் கூடுவது உண்மை. அது எலும்பிலிருந்து வருகிறது என்பது அனுமானம். கால்சியத்தின் ஐசோடோப்புகளைக் கொடுத்துப் பின்தொடர்ந்தபோது, புரதம் கூடும்போது குடல் அதிகக் கால்சியத்தை உறிஞ்சுகிறது, சிறுநீரில் கூடுதலாகத் தெரிவதில் பெரும்பகுதி அதுதான் என்று தெரியவந்தது. புரதம் குறைவாக உண்டவர்களிடம் குடல் உறிஞ்சும் அளவும் குறைந்து, எலும்பைக் கரைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறியது.

நோயாளிகளிடம் கிடைத்த ஆதாரமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு, 2021-இல் வெளியானது. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் கூடுதலாகக் கொடுத்தார்கள். கால்சியம் நாளுக்கு சுமார் 1140 மி.கி. ஆகவும் புரதம் கிலோவுக்கு 1.1 கிராம் ஆகவும் உயர்ந்தது. எலும்பு முறிவுகள் 33 சதவீதமும், இடுப்பு முறிவு 46 சதவீதமும், விழுவது 11 சதவீதமும் குறைந்தன. வேறு மருந்து எதையும் இதற்காகக் கூட்டவில்லை.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சராசரியாக 86 வயதானவர்கள், உணவில் குறை இருந்தவர்கள், வைட்டமின் டி அவர்களுக்கு ஏற்கனவே போதுமான அளவில் இருந்தது. ஏற்கனவே நன்றாகச் சாப்பிடும் 57 வயதுப் பெண்ணுக்கு இதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நித்திலாவின் தட்டில் குறை இருப்பதால்தான் இதை அவருக்குச் சொல்கிறேன்.

ஊசிக்கு வருகிறேன். 2010-இல் வெளியான இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில் 70 வயதைக் கடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஐந்து லட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நேர்மாறாக, மருந்து பெற்றவர்கள் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், 26 சதவீதம் அதிகமாக எலும்பு முறிந்தது. மருந்து கொடுத்த முதல் மூன்று மாதங்களில்தான் விழுவது மிக அதிகம். வாரம் ஒன்றோ நாள் ஒன்றோ சிறிய அளவில் கொடுப்பதே நல்லது. உங்கள் அம்மாவுக்கு அடுத்த ஊசி போடும் முன் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள்.

ஜன்னல் கண்ணாடி, தோலில் வைட்டமின் டியை உண்டாக்கும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் வரும், டி வராது.

முகில்

இடையில் ஒரு கேள்வி. என் மனைவிக்கு 60 வயது. இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. கால்சியம் கல்தான் என்று சொன்னதால் வீட்டில் எல்லோரும் பாலையும் தயிரையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இப்போது எலும்பும் பலவீனம் என்கிறார்கள். நாங்கள் எதைப் பார்ப்பது?

வெண்மதி

பாலை நிறுத்தியது கல்லுக்கும் நல்லதல்ல. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட். உணவோடு கால்சியம் சேர்ந்தால் அது ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் சுதந்திரமாகச் சிறுநீருக்குப் போகிறது. இத்தாலியில் கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, வழக்கமான 1200 மி.கி. கால்சியத்தோடு உப்பையும் இறைச்சிப் புரதத்தையும் குறைத்தவர்களுக்குக் கல் மீண்டும் வந்தது ஏறத்தாழ பாதிதான். 2002-இல் வெளியானது.

மாத்திரை வேறு விஷயம். அமெரிக்காவில் 36 ஆயிரம் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் டியும் மாத்திரையாகப் பெற்றவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. அதே ஆய்வில் இடுப்பு முறிவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. அதனால் உங்கள் மனைவிக்கு உணவில் இருந்து கால்சியம், நிறையத் தண்ணீர், குறைந்த உப்பு. மாத்திரை தேவைப்பட்டால் உணவோடு மட்டும். 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் எவ்வளவு போகிறது என்ற பரிசோதனையையும் கேளுங்கள். சிலருக்கு அதிலேயே எலும்பின் பலவீனத்துக்கும் கல்லுக்கும் ஒரே காரணம் தெரிந்துவிடும்.

ஆதிரை

நான் ஸ்கேன் அறையில் வேலை செய்கிறேன். எல்லோரும் உணவு பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு முதல் பதிவில் இருந்த இரண்டு எண்கள்தான் கண்ணில் படுகின்றன. இடுப்பில் -2.2, முதுகில் -1.1. மாதவிடாய் நின்ற முதல் ஆண்டுகளில் முதுகெலும்புதான் பொதுவாக வேகமாகக் குறையும், ஏனெனில் அதன் உட்புறம் பஞ்சு போன்ற எலும்பு அதிகம். இங்கே முதுகு நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருந்தாலும் எண் இப்படித்தான் உயரும், ஏனெனில் அதே அளவு தாது சிறிய இடத்தில் அடங்கிவிடுகிறது. வயதோடு வரும் எலும்பு முடிச்சுகளும் எண்ணை உயர்த்திக் காட்டும்.

நித்திலா அக்கா, உங்கள் இளவயது உயரம் என்ன, இப்போது என்ன? சுவரில் சாய்ந்து நின்று அளந்து சொல்லுங்கள்.

நித்திலா

பழைய மருத்துவக் கோப்பில் 157 செ.மீ. என்று இருக்கிறது. இப்போது இரண்டு முறை அளந்துவிட்டேன், 152.5 தான். ஆனால் முதுகில் பெரிய வலி எதுவும் வந்ததில்லை. கனமான பையைத் தூக்கிய பிறகு சில நாள் பிடிப்பு இருந்தது, தானாகவே போய்விட்டது.

ஆதிரை

நான்கு செ.மீ.க்கு மேல் குறைந்திருக்கிறது. பக்கவாட்டில் எடுக்கும் முதுகெலும்பு எக்ஸ்ரே ஒன்று எடுக்காமல் இருக்காதீர்கள். முள்ளெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போகின்றன. பிடிப்பு என்று நினைத்துவிடுவார்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளை முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள்.

செண்பகம்

நானும் அளந்து பார்க்கிறேன். என் கூன் வயதால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரிதி

ஆதிரை அக்கா, இது தேவையில்லாமல் பயமுறுத்துவதாக எனக்குப் படுகிறது. வயதானால் எல்லோரும் உயரம் குறைவார்கள். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு வற்றினாலே குறையும். எக்ஸ்ரேயில் ஒன்று தெரிந்துவிட்டால் உடனே மருந்து தொடங்கிவிடுவார்கள். உணவைச் சரிசெய்து ஓராண்டு பார்க்கலாமே.

ஆதிரை

தட்டு வற்றினாலும் குறையும், சரிதான். எது காரணம் என்பதை எக்ஸ்ரே இல்லாமல் உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஒரு முறிவு வந்தவருக்கு அடுத்த முறிவு வரும் ஆபத்து அந்த முதல் ஓரிரு ஆண்டுகளில்தான் மிக அதிகம். நீங்கள் காத்திருக்கச் சொல்வது அந்த ஓராண்டைத்தான்.

நித்திலா

எல்லோருக்கும் விவரம் சொல்ல வேண்டும் என்று வந்தேன். மருத்துவரைப் பார்த்துவிட்டேன். எக்ஸ்ரேயில் கீழ் முதுகின் முதல் முள்ளெலும்பு முன்பக்கமாக ஆப்பு வடிவில் நசுங்கியிருக்கிறது, சுமார் 30 சதவீதம். அந்த எலும்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் முதுகின் டி-ஸ்கோர் -1.8. எண் என்னவாக இருந்தாலும், பெரிய அடி எதுவும் இல்லாமல் முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் அது எலும்புப்புரைதான், இனி ஆஸ்டியோபீனியா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

இரத்தத்தில் கால்சியம் 8.8, இயல்பான அளவுதான். பாராதைராய்டு ஹார்மோன் 92, அது 65-க்குள் இருக்க வேண்டுமாம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. வாரம் 50,000 யூனிட் வைட்டமின் டி எட்டு வாரம், பிறகு மறுபடி பரிசோதனை. அதற்குப் பிறகு எலும்பு மருந்து. வாரம் ஒரு மாத்திரையா, ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் மருந்தா என்று அப்போது முடிவு செய்யலாம் என்றார். தைராய்டு மாத்திரை விஷயத்தைச் சொன்னேன், டி.எஸ்.எச். எழுதிக்கொடுத்தார்.

எட்டு வாரம் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று மட்டும் அங்கே கேட்கத் தோன்றவில்லை.

வெண்மதி

காரணம் உங்கள் பரிசோதனைத் தாளிலேயே இருக்கிறது. டி குறைந்ததால் குடல் போதுமான கால்சியத்தை உறிஞ்சவில்லை. இரத்தத்தில் அளவு இறங்காமல் இருக்கப் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கிறது. உங்கள் 8.8 அப்படிக் கடன் வாங்கிக் காப்பாற்றிய எண். நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம், எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வரும் வழியை அடைக்கும். உள்ளே வரும் வழியும் டி இல்லாமல் அடைபட்டிருந்தால் இரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கும். உதடு மரத்துப்போவது, கைவிரல்கள் இழுத்துப் பிடிப்பது வரை போகும். அதனால்தான் டியை முதலில் நிரப்புகிறார்கள். டி சரியான பிறகும் அந்த ஹார்மோன் இறங்காவிட்டால் பாராதைராய்டு சுரப்பியையே ஆராய வேண்டும். இரண்டாவது பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

அலெண்ட்ரோனேட் வார மாத்திரை என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மட்டும். அரை மணி நேரம் படுக்கவோ சாப்பிடவோ கூடாது. கால்சியம், பால், காபி எதுவும் அதற்குள் போனால் மருந்து உறிஞ்சப்படாது. தைராய்டு மாத்திரையும் காலையில் இருப்பதால், அந்த ஒரு நாள் எதை எப்போது போடுவது என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பரிதி

எக்ஸ்ரே எடுத்தது நல்லதாகிவிட்டது அக்கா. ஆனால் இந்த மருந்துகளால் தாடை எலும்பு அழுகும் என்கிறார்களே? உணவால் மட்டும் முடியாதா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

வெண்மதி

தாடைப் பிரச்சினை உண்மை, ஆனால் எலும்புப்புரைக்குத் தரும் அளவில் அது மிக அரிது. புற்றுநோய்க்கு அடிக்கடி, அதிக அளவில் கொடுக்கும்போதுதான் அதிகம் பார்க்கிறோம். பல் பிடுங்க வேண்டியது இருந்தால் மருந்து தொடங்கும் முன் முடித்துவிடுவது வழக்கம்.

உணவால் முடியாததற்குக் காரணம் இதுதான். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் விழுகிறது. எலும்பைக் கரைக்கும் செல்களுக்கு அதுவரை இருந்த கட்டுப்பாடு தளர்கிறது. முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் பல பெண்கள் 10 முதல் 20 சதவீதம் எலும்பை இழக்கிறார்கள். அந்தச் செல்களைக் கால்சியமோ புரதமோ அடக்குவதில்லை. சத்துக் குறையால் கூடுதலாக ஏற்படும் இழப்பைத்தான் உணவு நிறுத்தும். முறிவு வராத, ஆபத்து குறைந்த பெண்ணுக்கு அது போதலாம். நித்திலாவுக்குப் போதாது. அதே நேரம், சத்து இல்லாமல் மருந்தை மட்டும் கொடுத்தாலும் பலன் குறையும்.

டி மாத்திரை எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் எங்கள் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு நாளுக்கு 2000 யூனிட் கொடுத்தும் முறிவு குறையவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு டி குறைவே இல்லை. 13 இருப்பவருக்கு அந்த ஆய்வு பொருந்தாது என்பது என் கருத்து.

முகில்

24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தோம், கால்சியம் அதிகமாகப் போகிறதாம். சிறுநீரக மருத்துவர் உப்பைக் குறைத்து ஒரு மாத்திரை தொடங்கியிருக்கிறார். தயிர் மீண்டும் மேசைக்கு வந்துவிட்டது.

செண்பகம்

நான் ஆறு செ.மீ. குறைந்திருக்கிறேன். திங்கட்கிழமை எக்ஸ்ரே.

நித்திலா

செண்பகம் அக்கா, முடிவை இங்கே எழுதுங்கள். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். என் தங்கைக்கு 51 வயது, போன ஆண்டுதான் மாதவிடாய் நின்றது. அவளுக்கும் ஸ்கேன் தேவையா? 65 வயதில் எடுத்தால் போதும் என்று அவளுடைய மருத்துவர் சொன்னாராம்.

ஆதிரை

65 என்பது வேறு ஆபத்து எதுவும் இல்லாதவர்களுக்கு. தாய்க்கு இடுப்பு முறிந்திருக்கிறது, அது ஆபத்தைக் கணக்கிடும் கேள்வித்தாளில் தனியாகவே கேட்கப்படும் ஒன்று. அக்காவுக்கு முள்ளெலும்பு நசுங்கியிருப்பதையும் அவர் சொல்ல வேண்டும். இரண்டையும் கேட்ட பிறகு மருத்துவர் ஸ்கேனை முன்னதாகவே எழுதிக்கொடுக்க வாய்ப்பு அதிகம். எடுத்தால் அடுத்த முறையும் அதே இயந்திரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரம் மாறினால் இரண்டு எண்களை ஒப்பிட முடியாது. அதே இயந்திரத்திலும் மூன்று சதவீதத்துக்குள் வரும் வித்தியாசம், படுத்த விதத்தால் மட்டுமே வரக்கூடியது.